அம்மனை அழைக்கும் பாட்டுக்கு நீளம் எவ்வளவு?

கைப்பேசியில் இரண்டு பதிவுகள் இருந்தன. இரண்டையும் பாடியவர் ஒருவரே, செஞ்சி வட்டாரத்தில் அனந்தபுரத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் பரம்பரையாகப் பம்பை அடிக்கும் ஒரு பெரியவர். பாட்டும் ஒன்றுதான்: அங்காளம்மனைக் கரகத்தில் வந்து இறங்கச் சொல்லி அழைக்கும் வர்ணிப்பு. முதல் பதிவு ஏழு நிமிடத்தில் முடிந்துவிட்டது. அடுத்த ஆண்டு ஆடியில் எடுத்த இரண்டாவது முப்பத்தொரு நிமிடம் ஓடியது.

அவற்றைக் கொண்டுவந்த பெண் அந்தப் பெரியவரின் பேத்தி. தமிழ் முதுகலை முடித்துவிட்டு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க இருந்தாள். பண்பாட்டு அமைச்சகம் கலை, பண்பாட்டுத் துறைகளில் வேலை செய்கிறவர்களுக்குத் தரும் இளநிலை ஆய்வு நல்கை அது. 25 முதல் 40 வயது வரை விண்ணப்பிக்கலாம். மாதம் 10,000 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகள் கிடைக்கும். என்ன செய்யப்போகிறோம் என்று விளக்கி ஓர் ஆய்வு முன்மொழிவு எழுதித் தரவேண்டும். அதன் முதல் வரைவை என்னிடம் படிக்கத் தந்தாள்.

"அழிந்துவரும் வாய்மொழிப் பாடல்களைத் தொகுத்துப் பாதுகாப்பதே இந்த ஆய்வின் நோக்கம்" என்று ஆரம்பித்து, நாட்டார் வழக்காற்றியலின் பெருமை, செஞ்சிக் கோட்டையின் வரலாறு, பெண் தெய்வ வழிபாட்டின் தொன்மை என்று நான்கு பக்கம் போனது. அந்த இரண்டு பதிவுகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"இதை ஏன்மா எழுதல?" என்று கேட்டேன்.

"அது சும்மா வீட்ல எடுத்தது சார். ஆய்வுன்னா பெருசா எதாவது இருக்கணும்ல?"

அவள் பெரிதாகத் தேடிய கேள்வி அந்தக் கைப்பேசியிலேயே இருந்தது. ஒரே ஆள், ஒரே பாட்டு. ஒரு தடவை ஏழு நிமிடம், இன்னொரு தடவை முப்பத்தொன்று. மிச்சமுள்ள இருபத்து நான்கு நிமிடமும் எங்கிருந்து வந்தது? மனப்பாடம் செய்து வைத்திருந்ததா, நின்ற இடத்தில் கட்டியதா? கட்டினார் என்றால், இரண்டு கையும் பம்பையில் இருக்க, எதிரே ஊரே நிற்க, ஒரு தட்டுக்கூடத் தவறாமல் ஒரு மனிதரால் அது எப்படி முடிகிறது?

நீளம் ஏன் மாறுகிறது என்பதற்கு முதல் விடை அந்தப் பகுதி மக்கள் எல்லோருக்கும் தெரியும். சாமி வரும்வரை பாடவேண்டும். கச்சேரிப் பாட்டுக்குப் பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று வரையறை உண்டு. வர்ணிப்புக்கு முடிவு பாட்டுக்குள் இல்லை, எதிரே கரகத்தோடு நிற்பவரின் உடம்பில் இருக்கிறது. அவர் தோள் குலுங்கி, மூச்சு மாறி, கால் நிலைகொள்ளாமல் போகும் நேரத்தில் பாட்டின் வேலை முடிகிறது. அதன்பிறகு பம்பைக்காரர் பாடுவதை விட்டுக் கேள்வி கேட்கத் தொடங்குவார்: வந்திருப்பது யார், எந்த எல்லை, என்ன குறை. அருள் சீக்கிரம் வந்தால் பாட்டு குறுகும், தாமதமானால் நீளும். எவ்வளவு நேரம் நீட்ட வேண்டியிருக்கும் என்று தொடங்கும்போது பாடகருக்கே தெரியாது.

செஞ்சி வட்டாரம் ஆய்வாளர்கள் வராத இடமில்லை. மதிப்பீட்டுக் குழுவில் இருப்பவர் முதலில் கேட்கப்போவதும் இதைத்தான். ஆல்ஃப் ஹில்டபைட்டல் என்னும் அமெரிக்க அறிஞர் செஞ்சிக்கு அருகே உள்ள மேலச்சேரியின் திரௌபதி அம்மன் கோயிலை நடுவாக வைத்து 1988இலும் 1991இலும் இரண்டு பெரிய தொகுதிகள் எழுதினார். எவலின் மேயர் 1986இல் அங்காளபரமேசுவரியின் கதைகளையும் வழிபாட்டையும் பற்றி ஒரு முழு நூல் வெளியிட்டார். இசபெல் நபகோவ் இதே பகுதியில் பம்பைக்காரர்களோடு பழகி, பேயோட்டுவதையும், இறந்தவர்களைப் பூவாடைக்காரியாக வீட்டுக்கு அழைப்பதையும் பதிவு செய்து 2000இல் நூலாக்கினார். இவற்றில் ஒன்றைக்கூடக் குறிப்பிடாமல் "இதுவரை எவரும் ஆராயாத துறை" என்று அவள் வரைவில் எழுதியிருந்தாள். அந்த ஒரு வரியே விண்ணப்பத்தை ஒதுக்கி வைக்கப் போதும்.

அந்த மூன்று பேரும் முக்கியமாகக் கேட்டவை கதை, சடங்கு, அதில் ஈடுபடும் மனிதர் பற்றிய கேள்விகள். அம்மன் ஏன் சுடுகாட்டுக்குப் போகிறாள், திரௌபதி எப்படிச் செஞ்சியின் தெய்வமானாள், அருள் வந்த ஆளுக்கு என்ன நேர்கிறது என்பவை. நம் பெண்ணின் கேள்வி வேறு. ஒரே பாட்டு ஓர் இரவுக்கும் இன்னோர் இரவுக்கும் நடுவில் எந்த இடத்தில் மாறுகிறது, எந்த இடத்தில் மாறுவதில்லை. சின்னக் கேள்விதான். இரண்டு ஆண்டில் ஓர் ஆளால் விடை காண முடிகிற அளவுக்குச் சின்னது.

இதே கேள்வியைத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் இன்னொருவர் வேறொரு நாட்டில் கேட்டார். மில்மன் பாரி கிரேக்க இலக்கியம் படித்தவர். ஹோமரின் காவியங்களில் ஒரே அடைமொழிகளும் சொற்கட்டுகளும் திரும்பத் திரும்ப வருவது ஏன் என்பது அவரைக் குடைந்த சந்தேகம். எழுதத் தெரியாத பாடகன் பாடும்போதே காவியத்தைக் கட்டினால் இப்படித்தான் இருக்கும் என்று ஊகித்தார். ஹோமரிடம் போய்க் கேட்க முடியாது. ஆகவே உயிரோடு பாடிக்கொண்டிருந்த பாடகர்களைத் தேடி 1933இலும், மறுபடி 1934–35இலும் யூகோஸ்லாவியாவுக்குப் போனார். அன்றைய ஒலித்தட்டில் ஒரு பக்கத்துக்குச் சில நிமிடங்களே பிடிக்கும். பாடகரை நிறுத்தினால் பாட்டு உடையும். எனவே இரண்டு சுழல்தட்டுகள் கொண்ட கருவி ஒன்றைச் செய்வித்து, ஒன்று முடிவதற்குள் மற்றதற்கு மாற்றி, இடைவெளி விழாமல் அலுமினியத் தட்டுகளில் பதிந்தார். அவ்தோ மெஜெதோவிச் என்னும் பாடகர் ஒரே கதையைப் பன்னிரண்டாயிரம் அடிகளுக்கு மேல் சொல்லி எழுதவைத்தார். ஊர் திரும்பிய அதே ஆண்டு டிசம்பரில், 33 வயதில், பாரி இறந்துபோனார். அவருடைய மாணவர் ஆல்பர்ட் லார்ட் அந்தப் பதிவுகளை வைத்து 1960இல் எழுதிய நூல்தான் வாய்மொழிப் பாடல் ஆய்வையே திசைதிருப்பியது.

அந்த நூலில் வரும் ஒரு நிகழ்ச்சியை அந்தப் பெண்ணுக்குச் சொன்னேன். ஜெமோ சோகிச் என்ற பாடகர், இன்னொருவரிடம் ஒரே ஒரு தடவை கேட்ட பாட்டை, சொல்லுக்குச் சொல், அடிக்கு அடி அப்படியே பாடுவேன் என்று உறுதியாகச் சொல்கிறார். இருவர் பாடியதும் பதிவில் இருக்கிறது. எழுதி ஒப்பிட்டால் இரண்டும் வெவ்வேறு. சோகிச் பொய் சொல்லவில்லை. 'சொல்' என்று அவர் நினைத்தது நாம் அச்சில் பார்க்கும் சொல்லை அல்ல.

"எங்க தாத்தாவும் அதையேதான் சார் சொல்வாரு, ஒரு எழுத்து மாறாதுன்னு" என்றாள்.

பாரி கண்டுபிடித்தது, பாடகனிடம் இருப்பது மனப்பாடமான பாட்டு அல்ல, பாட்டைக் கட்டும் வகை என்பதை. ஒரே தாள அளவுக்குள் ஒரே கருத்தைச் சொல்ல, எப்போதும் கைக்கு எட்டும் சொற்கட்டு ஒன்று அவனிடம் இருக்கும். வாய்பாடு போல. நம் பேராசிரியர் க. கைலாசபதி 1968இல் வெளிவந்த தம் நூலில் இந்த முறையைச் சங்கப் பாடல்களுக்கே பொருத்திப் பார்த்தார். அது சரியா என்று இன்றும் வாதம் நடக்கிறது. சங்கப் புலவரையும் ஹோமரைப் போலவே கேட்டுப் பார்க்க முடியாது. பம்பைக்காரரைக் கேட்கலாம்.

இந்த வாய்பாடு தமிழில் எப்படி வேலை செய்யும்? இதை விளக்க, யாருடைய பாட்டையும் எடுக்காமல், அந்த அச்சில் நானே சில அடிகள் கட்டிக் காட்டினேன்.

ஏரிக் கரையினிலே எல்லையிலே நின்றவளே
ஆத்தங் கரையினிலே ஆலடியில் நின்றவளே
குளத்தங் கரையினிலே கொடிமரத்தில் நின்றவளே

மூன்று அடியிலும் 'கரையினிலே', 'நின்றவளே' இரண்டும் அசையாமல் நிற்கின்றன. மாறுவது இரண்டே இடங்கள். முதல் இடத்தில் எந்த நீர்நிலையும் வரலாம். இரண்டாவது இடத்தை மோனை தேர்ந்து கொடுத்துவிடுகிறது. 'ஏரி' என்று வாயெடுத்தால் அடுத்த பாதி இ, ஈ, எ, ஏ என்ற இனத்தில் தொடங்கவேண்டும். 'எல்லை' தானாக வந்து நிற்கும். 'ஆத்தங்கரை' என்றால் அ, ஆ, ஐ, ஔ, 'ஆலடி' காத்திருக்கிறது. 'குளம்' என்றால் உ, ஊ, ஒ, ஓ. 'கொடிமரம்' ககரத்தோடு வருகிறது. பள்ளிக்கூடத்தில் மோனையைச் செய்யுளின் அழகு என்று சொல்லிக்கொடுத்தார்கள். நின்றபடி பாட்டுக் கட்டுகிறவனுக்கு அது அழகு மட்டுமல்ல, அடுத்த சொல் எந்தப் பெட்டியில் கிடக்கிறது என்று காட்டும் கைகாட்டி. ஆயிரம் சொல்லில் தேடவேண்டியதில்லை, நாலைந்து சொல்லில் தேடினால் போதும்.

இன்னொன்றும் உண்டு. முன்பாட்டுக்காரர் ஓர் அடியைப் பாடியதும் பின்பாட்டுக்காரர் அதையே திருப்பிப் பாடுவார். கேட்கிறவருக்கு அது பக்தியின் அழுத்தம். முன்பாட்டுக்காரருக்கு அது மூச்சு வாங்கும் நேரம், அடுத்த அடியைக் கட்டும் நேரமும் அதுதான். அந்த நேரம் சில வினாடிதான். பாரி பதிந்த பாடகர்களுக்குப் பின்பாட்டு இல்லை. பத்து அசை கொண்ட அடிகளைத் தனியாகத் தொடர்ந்து பாடிக்கொண்டே போவார்கள். அருகில் துணைக்குரல் இருக்கும் நம் பாடகரின் வேலை எந்த விதத்தில் எளிதாகிறது என்று அளந்து பார்க்க முடியுமே! பின்பாட்டுக்காரர் வராத ஓர் இரவில் அதே வர்ணிப்பில் பழைய சொற்கட்டுகள் கூடுதலாக வருகின்றனவா, புதிய அடிகள் குறைகின்றனவா? இதைக் கேட்டதும் அவள் நோட்டை எடுத்து எழுதத் தொடங்கினாள்.

அந்த மாலை இரண்டு பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டோம். நீண்டிருந்த பகுதி பெரும்பாலும் ஓரிடத்தில்தான் இருந்தது. அம்மனின் கதை வரும் இடம் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு. பிரமனின் தலையைக் கிள்ளிய சிவனின் கையில் கபாலம் ஒட்டிக்கொள்வதும், படைத்த சோற்றையெல்லாம் அது விழுங்கிவிடுவதும், மலையனூர் மயானத்தில் அம்மன் சோற்றை வாரி இறைக்க, கபாலம் ஆசையில் கையை விட்டு இறங்கி வருவதும், அவள் அதைக் காலால் மிதித்து அடக்குவதும் வரிசை பிசகாமல் வந்தன. மாசி அமாவாசையை ஒட்டி மேல்மலையனூரில் நடக்கும் மயானக் கொள்ளை இந்தக் கதையைத்தான் நடத்திக் காட்டுகிறது. கேட்டிருக்கும் ஊராருக்கும் கதை தெரியும். அதில் ஒன்றை விட்டால் யாராவது பாட்டி குரல் கொடுப்பாள்.

நீண்டது எல்லை அழைப்பு. எந்த ஊரில் இருக்கிறாய், எந்த மரத்தடியில் இருக்கிறாய், எந்தக் கரையில் நிற்கிறாய், அங்கிருந்து எழுந்து வா என்று இடம் இடமாகக் கூப்பிடும் பகுதி. குறும்பதிவில் மலையனூரோடு முடிந்தது, நெடும்பதிவில் செஞ்சி, சிங்கவரம், மேலச்சேரி என்று சுற்றி ஊர் ஏரியின் மதகு வரை வந்தது. தாத்தாவுக்கு நேரம் தேவைப்பட்டபோது அவர் புவியியலை நீட்டியிருக்கிறார் என்று தோன்றியது.

இரண்டு பதிவை வைத்து எதையும் நிறுவ முடியாது. ஆனால் ஊகிக்கலாம். முன்மொழிவின் நடுப்பகுதியாக நாங்கள் எழுதியது இது: வர்ணிப்பில் கதைப்பகுதி நிலையானது, எல்லை அழைப்பு நெகிழ்வது, அருள் தாமதமாகும்போது பாடகர் நெகிழும் பகுதியைத்தான் நீட்டுகிறார். பொய்யென்று தெரியவந்தால் எப்படித் தெரியும் என்பதையும் எழுதச் சொன்னேன். கதைப்பகுதியும் அதே விகிதத்தில் நீண்டால் ஊகம் தவறு. அருள் வந்த நேரத்துக்கும் பாட்டின் நீளத்துக்கும் உறவே இல்லாமல், பாட்டின் நீளம் தட்சணையையோ கூட்டத்தையோ இரவின் நேரத்தையோ பொறுத்து மாறினால், அப்போதும் தவறு. தன் ஊகம் எங்கே உடையும் என்று சொல்லத் தெரிந்த விண்ணப்பத்தை மதிப்பீட்டாளர் இரண்டாம் தடவை படிப்பார். நான் அப்படிச் சில குழுக்களில் உட்கார்ந்திருக்கிறேன். பெருமை பேசும் நான்கு பக்கங்கள் நினைவில் நிற்பதில்லை, இப்படிப்பட்ட ஒரு பத்தி நிற்கும்.

வாய்மொழி என்று நினைத்துப் போகிறவர்கள் விழும் குழி ஒன்று இருக்கிறது. அதன் பெயர் பெரிய எழுத்துப் புத்தகம். சென்னையில் ரத்தின நாயகர் போன்ற பதிப்பகங்கள் அம்மன் கதைகளையும் வர்ணிப்புகளையும் மலிவுப் பதிப்பாகப் போட்டுத் தேர்த்திருவிழாக் கடைகளில் விற்றுவந்தன. பிறகு ஒலிநாடா வந்தது. தாத்தா தன் அப்பாவிடம் கற்றதாகச் சொல்லும் அடிகள் அப்பா திருவண்ணாமலைத் தீபத்தில் வாங்கிவந்த புத்தகத்திலிருந்து வந்திருக்கலாம். அப்படி இருந்தால் கேவலமில்லை. ஆனால் நம் கேள்விக்கு விடை மாறிவிடும். கதைப்பகுதி நிலையாக இருப்பதற்குக் காரணம் ஊராரின் காது அல்ல, அச்சுப் புத்தகம் என்றாகிவிடும். கன்னியாகுமரிப் பக்கத்து வில்லுப்பாட்டில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். அங்கே பாட்டு ஏட்டில் எழுதப்பட்டிருக்கிறது, பாடகர் அதை ஒட்டியே பாடுகிறார். யூகோஸ்லாவியப் பாடகருக்குப் பொருந்திய விதி அங்கே அப்படியே பொருந்தாது. ரூத் ஃபின்னகன் 1977இல் உலகெங்கும் உள்ள உதாரணங்களைக் காட்டி இதைத்தான் எச்சரித்தார்: வாய்மொழி என்றாலே எல்லாரும் பாடும்போதே கட்டுகிறார்கள் என்று கொள்ளக் கூடாது, மனப்பாடமும் வாய்மொழிதான்.

எப்படிப் பிரித்தறிவது? அச்சுப் பிழை நல்ல சாட்சி. புத்தகத்தில் ஓர் எழுத்து விட்டுப்போய்ப் பொருளில்லாத சொல் ஆகியிருந்து, பாடகரும் அதே பொருளில்லாத சொல்லைப் பாடினால், அது அங்கிருந்துதான் வந்திருக்கிறது. பேச்சு வழக்கின் நடுவே திடீரென்று இலக்கணச் சுத்தமான வினைமுற்று எட்டிப்பார்த்தால் சந்தேகப்பட வேண்டும். ஆகவே வயலுக்குப் போகும் முன் கிடைக்கும் அங்காளம்மன் சிறுபுத்தகங்களையெல்லாம் தேடிச் சேர்க்க முதல் மூன்று மாதம் என்று கால அட்டவணையில் போட்டோம்.

அந்த அட்டவணைதான் எங்களை அதிகம் உட்காரவைத்தது. இரண்டு ஆண்டில் மயானக் கொள்ளை இரண்டு தடவைதான் வரும். ஒன்றில் மழை பெய்தாலோ, கருவி பழுதானாலோ, பாதி ஆய்வு போய்விடும். மேல்மலையனூரில் அமாவாசைதோறும் நள்ளிரவில் ஊஞ்சல் உற்சவம் உண்டு, தாலாட்டும் பாடுவார்கள். இரண்டு ஆண்டில் இருபத்து நான்கு அமாவாசைக்குக் குறையாது. எண்ணிக்கை கவர்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே கூடும் பெருங்கூட்டத்திலும் குழாய் ஒலிபெருக்கியிலும் சொல்லுக்குச் சொல் கேட்கும் பதிவு எடுக்க முடியாது. தாலாட்டு அழைப்புப் பாட்டும் அல்ல. அதனால் மலையனூரைப் பின்னணியாக மட்டும் வைத்துக்கொண்டு, தாத்தாவின் குழு போகும் சிறு கோயில்களையும் வீட்டுச் சடங்குகளையும் எடுத்தோம். ஆடி மாதக் கூழ் ஊற்றும் விழாக்கள், கல்யாணத்துக்கு முன் நடக்கும் பூவாடைக்காரி பூசைகள். அதே பாடகர், சின்னக் கூட்டம், ஒலிபெருக்கி இல்லாத இடம். இப்படிப் பன்னிரண்டு நிகழ்வு கிடைத்தால் ஒப்பிட முடியும்.

பதிவில் பெரிய எதிரி பம்பையேதான். இடுப்பில் கட்டிய இரட்டை முரசு அது, ஒன்று பித்தளை உடல், மற்றது மரம். குச்சியால் அடிக்கும்போது வரும் ஒலி பாடகரின் வாயிலிருந்து இரண்டடி தூரத்தில் எழுகிறது. நாலு முழம் தள்ளி வைத்த கைப்பேசி பம்பையின் உச்சத்துக்குத் தன்னைத் தாழ்த்திக்கொள்ளும், சொல் அடியில் புதைந்துவிடும். அந்த முதல் பதிவிலேயே அப்படி மூன்று இடத்தில் அடி முழுவதும் போயிருந்தது. பாடகரின் காதோரமோ நெற்றியோரமோ ஒட்டும் சின்ன ஒலிவாங்கி ஒன்றும், கூட்டத்தின் ஓசைக்குத் தனியாக இன்னொன்றும் வேண்டும். சட்டை போடாத பாடகருக்கு மார்பில் மாட்ட இடமில்லை. இந்த ஒரு வரியை விண்ணப்பத்தில் சேர்த்தோம், களத்துக்குப் போன ஆள் எழுதியது என்று அது காட்டிவிடும்.

மூன்றாவதாக ஒரு நிலைத்த காணொளிக் கருவியும் தேவை. அருள் எப்போது வந்தது என்பது ஒலியில் தெரியாது. கரகம் சுமப்பவரின் தோள் முதலில் குலுங்கிய வினாடிதான் நம் அளவுகோல். அந்த வினாடியையும் பாட்டின் அடியையும் ஒரே காலக்கோட்டில் வைத்துப் பார்க்க ELAN என்ற இலவச மென்பொருள் உதவும். நெதர்லாந்தில் மொழி ஆய்வாளர்கள் உருவாக்கியது. காட்சிக்குக் கீழே ஒரு வரியில் முன்பாட்டு, இன்னொன்றில் பின்பாட்டு, மூன்றாவதில் உடல் அசைவு என்று அடுக்கிக்கொள்ளலாம்.

பிறகு எழுதும் வேலை. புதிதாக வருபவர்கள் கணக்குத் தவறுவது இங்கேதான். பம்பை ஒலிக்கு நடுவே ஒரு மணி நேரப் பாட்டைச் சொல் பிசகாமல் எழுத்தில் பெயர்க்க, பத்து மணி நேரத்துக்குக் குறையாது. பன்னிரண்டு நிகழ்வு, ஒவ்வொன்றிலும் அழைப்புப் பாட்டு சராசரி அரை மணி என்று வைத்தால் ஆறு மணி நேரம், அதாவது அறுபது மணி நேர எழுத்து வேலை. இது கைக்குள் அடங்கும். முதல் வரைவில் அவள் "இரவு முழுவதையும் பதிவுசெய்து எழுத்தில் பெயர்ப்பேன்" என்று எழுதியிருந்தாள். ஓர் இரவு எட்டு மணி நேரம் என்றால் பன்னிரண்டு இரவுக்குத் தொண்ணூற்றாறு மணி. எழுத ஏறக்குறைய ஆயிரம் மணி நேரம். மாதம் பத்தாயிரம் ரூபாயில் வேறு வேலையும் பார்த்துக்கொண்டு செய்ய முடியாத காரியம். இரவு முழுவதையும் பதிந்து வைக்கலாம், எழுதுவது அழைப்புப் பாட்டை மட்டும் என்று மாற்றினோம். தரமான பதிவில் ஒரு மணி நேரம் ஒரு கிகாபைட் அளவு வரும். பல கருவிகள் இரண்டு அல்லது நான்கு கிகாபைட்டில் கோப்பைத் தானாக வெட்டி அடுத்ததைத் தொடங்கும். வெட்டிய துண்டுகளுக்கு அன்றே பெயரிடாவிட்டால், ஆறு மாதம் கழித்து எது எந்த ஊர் என்று தெரியாது.

அனுமதி பற்றிய பத்தியை அவளே எழுதினாள். அதில் நான் கை வைக்கவில்லை. "வீட்டுத் திண்ணையில உக்காந்து ஒரு தடவ பாடுங்க தாத்தா, தெளிவா பதிஞ்சிக்கிறேன்" என்று அவள் கேட்டபோது அவர் மறுத்திருக்கிறார். கற்பூரம் ஏற்றாமல், காரணம் இல்லாமல் அழைத்தால், வந்தவளை என்ன சொல்லித் திருப்பி அனுப்புவது? கதையைப் பேச்சாகச் சொல்ல அவருக்குத் தடையில்லை. எல்லை அழைப்பைத்தான் சும்மா பாடமாட்டார். சடங்கில் பதிந்ததை ஆய்வுக்குக் கேட்கலாம், கண்டவர் கேட்கும்படி பரப்பக் கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை. ஆகவே பதிவுகளைப் பொதுவில் போடுவதில்லை, எழுத்து வடிவில் கதைப்பகுதி மட்டும் வெளியாகும், அழைப்புப் பகுதி பகுப்பாய்வுக்கு மட்டும் என்று எழுதினாள். அவர் காலத்துக்குப் பிறகு யாரைக் கேட்பது என்பதற்கும் குடும்பத்தில் இருவர் பெயரை அவரே சொல்லியிருக்கிறார்.

அந்த மறுப்பு ஆய்வுக்கே ஒரு சான்று. பாடச் சொன்னால் பாட்டு வேறு, சொல்லச் சொன்னால் வேறு. பிரெண்டா பெக் 1965இல் கொங்கு நாட்டில் அண்ணன்மார் கதையைப் பதிந்தபோது, பாடியதையும் சொல்லி எழுதவைத்ததையும் ஒரே பாடகரிடமிருந்து இரண்டு வடிவமாகப் பெற்றார். கதை ஒன்றானாலும் வடிவம் இரண்டு. இங்கே பாடகரே எந்தப் பகுதி கதை, எந்தப் பகுதி அழைப்பு என்று நமக்காகக் கோடு கிழித்துக் கொடுத்துவிட்டார். திண்ணையில் சொல்லக்கூடியது ஒன்று, சொல்லக்கூடாதது ஒன்று. நிலையான பகுதி, நெகிழும் பகுதி என்று நாங்கள் காதால் பிரித்த கோடும் அவர் பயபக்தியால் பிரித்த கோடும் ஒரே இடத்தில் விழுகின்றனவா என்பது நாங்கள் தொடங்கியபோது இல்லாத புதுக் கேள்வி. விண்ணப்பத்தின் இரண்டாம் ஊகமாக அது சேர்ந்தது.

அனுப்புவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் பம்பை துணி சுற்றித் தொங்கிக்கொண்டிருந்தது. பேத்தி இரண்டு பதிவிலிருந்தும் கதைப்பகுதியை மட்டும் போட்டுக் காட்டினாள். பெரியவர் கண்ணை மூடிக் கேட்டார். விரல் தொடையில் தாளம் போட்டது. பிறகு இரண்டு தாளையும் நீட்டி, எந்தெந்தச் சொல் மாறியிருக்கிறது என்று அவள் படித்துக் காட்டினாள். ஒன்றில் 'சோறு', மற்றதில் 'அன்னம்'. ஒன்றில் அம்மன் வலக்காலால் மிதிக்கிறாள், மற்றதில் வெறுமனே காலால். ஒன்றில் இரண்டு அடி கூடுதல்.

"ரெண்டும் ஒண்ணுதாம்மா" என்றார்.

"இல்ல தாத்தா, பாருங்க, இங்க ரெண்டு அடி சேந்திருக்கு."

"சேரட்டும். தலை ஒட்டிச்சா?"

"ஒட்டிச்சு."

"சோத்த எறைச்சாளா?"

"எறைச்சா."

"மிதிச்சாளா?"

"மிதிச்சா தாத்தா."

"அப்பறம் என்ன மாறிடிச்சு?"

அவள் கொஞ்ச நேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நோட்டைத் திருப்பி, முன்மொழிவின் முதல் பக்கத்தில் 'ஒரே பாட்டு' என்று எழுதியிருந்த இடத்தை அடித்துவிட்டு, மேலே பென்சிலால் எழுதினாள்: 'பாடகர் ஒன்று என்று சொல்லும் பாட்டு'.